1011 டிடெக்டர்: என் D1 சமன்பாடு விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை, எங்கே பிசகு?

கயல்_இரண்டாமாண்டு

வணக்கம். 1011 என்ற வரிசை வந்தால் Z = 1 தரும் சர்க்யூட்டை வடிவமைக்க வேண்டும். மீலி வகை, ஓவர்லாப் உண்டு, D பிளிப்-பிளாப். நான்கு நிலைகள் வைத்திருக்கிறேன். S0 என்றால் இதுவரை பயனுள்ளது எதுவும் வரவில்லை, S1 என்றால் 1 வந்திருக்கிறது, S2 என்றால் 10, S3 என்றால் 101. குறியீடு வரிசையாக 00, 01, 10, 11. கே-மேப் போட்டு எனக்குக் கிடைத்தது இது:

```
D1 = Q1'·Q0·X' + Q1·Q0'·X
D0 = X
Z  = Q1·Q0·X
```

விடைத்தாளில் D0, Z இரண்டும் இதேதான். D1 மட்டும் `Q0·X' + Q1·Q0'·X` என்று இருக்கிறது. என் முதல் உறுப்பில் Q1' கூடுதலாக நிற்கிறது. கே-மேப்பை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்துவிட்டேன், அதேதான் வருகிறது. 1011011 என்று கொடுத்துச் சோதித்தால் நாலாவது பிட்டிலும் ஏழாவது பிட்டிலும் Z சரியாக 1 ஆகிறது. அப்படியென்றால் என் விடையும் சரிதானா? சுருக்காமல் விட்டது மட்டும்தான் வித்தியாசமா?

நேர்கோடு

கே-மேப்பில் டோன்ட் கேர் கட்டங்களைச் சேர்த்துக் குழு போட்டிருக்க மாட்டீர்கள். விடைத்தாளில் சேர்த்திருப்பார்கள், அதனால்தான் Q1' போயிருக்கிறது. இரண்டும் ஒரே சர்க்யூட்தான், கவலைப்படாதீர்கள்.

தர்க்கவாசல்

நேர்கோடு, டோன்ட் கேர் எங்கிருந்து வரும்? நான்கு நிலைகள், இரண்டு பிளிப்-பிளாப், நான்கு குறியீடும் செலவாகிவிட்டது. X-ஐயும் சேர்த்தால் எட்டுக் கட்டம், எட்டிலும் உறுதியான மதிப்பு இருக்கிறது. டோன்ட் கேர் இல்லாத மேப்பில் இரண்டு பேர் வேறு வேறு விடைக்கு வந்தால் குழு போட்டதில் வித்தியாசம் இல்லை. அட்டவணையே வேறு.

கயல், கே-மேப்பை விட்டுவிடுங்கள். இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் எந்தக் கட்டத்தில் என்று மட்டும் பாருங்கள். விடைத்தாளின் `Q0·X'` இரண்டு கட்டங்களை மூடுகிறது: Q1 Q0 X = 010, 110. உங்களுடைய `Q1'·Q0·X'` மூடுவது 010 ஒன்றை மட்டும். ஆக விடைத்தாளில் 1 ஆகவும் உங்களிடம் 0 ஆகவும் இருக்கும் ஒரே கட்டம் 110. அதாவது S3-இல் இருக்கும்போது X = 0 வந்தால் அடுத்து எங்கே போவது என்ற கேள்வி. நீங்கள் S0-வுக்கு அம்பு போட்டிருக்கிறீர்கள், விடைத்தாள் S2-வுக்குப் போட்டிருக்கிறது. உங்கள் படத்தில் அந்த அம்பைப் பாருங்கள்.

கயல்_இரண்டாமாண்டு

ஆமாம் அண்ணா, S3-இலிருந்து 0 வந்தால் S0 என்றுதான் போட்டிருக்கிறேன். வரிசை முறிந்துவிட்டதே, ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டாமா? S2-இல் 0 வந்தாலும் S0-வுக்குத்தானே போகிறோம்?

தர்க்கவாசல்

இந்தக் கணக்கில் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இயந்திரம்போலச் செய்துவிடலாம்.

S3 என்றால் கடைசியாக வந்தது 101. இப்போது 0 வந்தால் கையில் இருப்பது 1010. இது 1011 ஆகாது, சரி. ஆனால் அதன் வால் பகுதியைப் பாருங்கள். கடைசி இரண்டு பிட் 10. அது நாம் தேடும் வரிசையின் முதல் இரண்டு பிட். இதற்குப் பின்னால் 11 வந்தால் 1011 முழுமையாகிவிடும். S0-வுக்குப் போனால், ஏற்கெனவே வந்துவிட்ட அந்த 10-ஐ சர்க்யூட் மறந்துவிடுகிறது.

எந்த நிலையானாலும் இப்படிக் கேளுங்கள்: இதுவரை வந்ததன் முடிவில், தேடும் வரிசையின் தொடக்கம் எவ்வளவு நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது? மிக நீளமாகப் பொருந்துவது எதுவோ அந்த நிலைக்கு அம்பு. S2-இல் 0 வந்தால் கையில் 100. அதன் வால் 00, அப்புறம் 0, இரண்டும் 1011-இன் தொடக்கம் இல்லை, அதனால் S0 சரி. S1-இல் 1 வந்தால் 11, அதன் வால் 1 பொருந்துகிறது, அதனால் S1-இலேயே நிற்கிறோம். S3-இல் 1 வந்தால் 1011, Z = 1, ஆனால் கடைசி 1 அடுத்த வரிசைக்குத் தொடக்கமாகலாம், அதனால் S1. ஓவர்லாப் வேண்டாம் என்று கேள்வியில் இருந்தால் இந்தக் கடைசி அம்பு மட்டும் S0-வுக்குப் போகும். S3-இல் 0 வரும் அம்பு அப்போதும் S2-வுக்குத்தான். முறிந்துபோன முயற்சிக்கும் ஓவர்லாப்புக்கும் சம்பந்தம் இல்லை, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

சரியான அட்டவணை:

```
Q1 Q0 | X=0     | X=1
0  0  | 00, Z=0 | 01, Z=0
0  1  | 10, Z=0 | 01, Z=0
1  0  | 00, Z=0 | 11, Z=0
1  1  | 10, Z=0 | 01, Z=1
```

உங்கள் சோதனை வரிசை 1011011 இந்தப் பிழையைக் காட்டவே காட்டாது. அந்த ஓட்டத்தில் S3-க்கு வந்த இரண்டு முறையும் அடுத்து 1 தான் வருகிறது. நீங்கள் சந்தேகப்படும் அம்பின் மேல் அது நடக்கவே இல்லை. 101011 கொடுத்துப் பாருங்கள்.

கயல்_இரண்டாமாண்டு

போட்டுப் பார்த்தேன். என் படத்தில் S0, S1, S2, S3, S0, S1, S1. Z எங்கேயும் 1 ஆகவில்லை. உங்கள் அட்டவணையில் S0, S1, S2, S3, S2, S3, அடுத்த 1-க்கு Z = 1, பிறகு S1. கடைசி நாலு பிட் 1011 என்று கண்ணுக்கே தெரிகிறது, என் சர்க்யூட் அதைத் தவறவிட்டிருக்கிறது. இப்போது D1-இல் 010-ம் 110-ம் சேர்ந்து Q1' தானாகவே போய்விட்டது.

எட்டு அம்புகளையும் ஒருமுறையாவது கடக்கும் ஒரே சோதனை வரிசை கொடுக்க முடியுமா?

தர்க்கவாசல்

ரீசெட் செய்து S0-இலிருந்து தொடங்கினால் 0 1 1 0 0 1 0 1 0 1 1. நடந்து பாருங்கள்: S0, S0, S1, S1, S2, S0, S1, S2, S3, S2, S3, S1. எட்டும் வந்துவிடும். Z கடைசி பிட்டில் மட்டும் 1. ஆனால் இதில் ஓவர்லாப் சோதிக்கப்படவில்லை, அதற்கு உங்கள் 1011011-ஐத் தனியாக ஓட்டுங்கள்.

சால்டர்_வாசனை

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? மூன்று D பிளிப்-பிளாப்பை ஷிப்ட் ரெஜிஸ்டராகக் கோத்து, நடு பிளிப்-பிளாப்பில் மட்டும் Q-க்குப் பதில் Q'-ஐ எடுத்து, கடைசி மூன்று பிட்டையும் X-ஐயும் ஒரு AND கேட்டில் விட்டால் முடிந்தது. ஸ்டேட் டயகிராமும் வேண்டாம், அம்பும் வேண்டாம். ஓவர்லாப் தானாகவே வரும். நான் அப்படித்தான் செய்வேன்.

தர்க்கவாசல்

வேலை செய்யும், நல்ல வழியும்கூட. கேள்வியில் ஸ்டேட் டயகிராமிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பதால் கயலுக்கு அது உதவாது. ஒரு எச்சரிக்கை. ரீசெட்டில் மூன்று பிளிப்-பிளாப்பும் 0 ஆகிறது. 1011-க்கு அதனால் தொந்தரவில்லை, ஏனென்றால் வரிசை 1-இல் தொடங்குகிறது. அதே முறையில் 0010-ஐத் தேடினால், ரீசெட் ஆனதும் 1, 0 என்று இரண்டே பிட் வந்தவுடன் Z = 1 ஆகிவிடும். உள்ளே இருந்த 00-ஐ உண்மையாக வந்த பிட்டாக அது எண்ணிக்கொள்கிறது. நிலைகளை வைத்துச் செய்யும்போது இந்தச் சிக்கல் வராது. S0 என்பது "எதுவும் வரவில்லை", "0 வந்தது" என்பது வேறு நிலை.

இன்னொன்று கவனியுங்கள். கயலின் சர்க்யூட்டில் D0 = X. அதாவது Q0 என்பது போன பிட்டை அப்படியே வைத்திருக்கும் ஷிப்ட் ரெஜிஸ்டரின் முதல் படிதான். உங்கள் வடிவமைப்பின் ஒரு துண்டு இதற்குள்ளேயே இருக்கிறது.

நேர்கோடு

நிலைகளுக்கு கிரே கோடு கொடுத்தால் இன்னும் சுருங்குமே. S0 = 00, S1 = 01, S2 = 11, S3 = 10. அடுத்தடுத்த நிலைகளுக்கு இடையே ஒரு பிட்தான் மாறும், அதனால் கேட் குறையும் என்று படித்திருக்கிறேன்.

தர்க்கவாசல்

போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் குறியீட்டில் வருவது இது:

```
D1 = Q1'·Q0·X' + Q1·Q0·X + Q1·Q0'·X'
D0 = Q1'·Q0 + Q1·Q0' + Q0'·X
Z  = Q1·Q0'·X
```

D1-இல் எந்த இரண்டு கட்டமும் பக்கத்தில் இல்லை, ஒன்றைக்கூடச் சுருக்க முடியவில்லை. சாதாரண வரிசைக் குறியீட்டில் D0 வெறும் ஒரு கம்பியாக இருந்தது, இங்கே மூன்று உறுப்பு.

நீங்கள் படித்தது ஒரே பாதையில் சுற்றிவரும் கவுன்ட்டருக்குப் பெரும்பாலும் பொருந்தும். டிடெக்டரில் பின்னோக்கிப் பாயும் அம்புகள் அதிகம். S3-இலிருந்து S1-க்குப் போனால் உங்கள் குறியீட்டில் 10 → 01, இரண்டு பிட்டும் மாறுகிறது. இங்கே வரிசைக் குறியீடு ஜெயித்ததற்குக் காரணம் வேறு. X = 1 வந்து சேரும் நிலைகள் S1, S3 இரண்டுக்கும் Q0 = 1. X = 0 வந்து சேரும் S0, S2 இரண்டுக்கும் Q0 = 0. அந்தப் பொருத்தம்தான் D0 = X ஆனது.

நேர்கோடு

இந்தக் கணக்குக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிலையின் பிட்டுகளை வேறொரு கிளாக்கில் ஓடும் சர்க்யூட் படிக்கிறது என்றால் ஒரு பிட் மட்டும் மாறுவது நல்லதுதானே. பொதுவாகவே கிரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

தர்க்கவாசல்

எல்லா அம்பிலும் ஒரே பிட் மாறினால்தான் அந்தப் பயன். இந்தப் படத்தில் அப்படி ஒரு குறியீடு இருக்கவே முடியாது. S1 → S2, S2 → S3, S3 → S1 என்று மூன்று நிலைகள் ஒரு வளையமாக நிற்கின்றன. ஒவ்வொரு அடியிலும் ஒரே பிட் மாறினால், மூன்று அடியில் கிளம்பிய இடத்துக்குத் திரும்ப முடியாது.

பிரெட்போர்டு_ராஜா

இதே 1011-ஐ 7474 வைத்துச் செய்தேன், இன்னும் எனக்குப் புரியாமல் இருக்கிறது. X-க்கு ஒரு சுவிட்ச், கிளாக்குக்கு ஒரு பட்டன், Z-இல் ஒரு எல்.ஈ.டி. 1, 0, 1 கொடுத்த பிறகு சுவிட்சை 1-இல் வைத்தால், கிளாக்கை அழுத்தும் முன்பே எல்.ஈ.டி. எரிகிறது. அழுத்தினால் அணைந்துவிடுகிறது! நேர் எதிராக நடக்கிறது. இன்னொரு சமயம் 1, 0, 1 மட்டும் கொடுத்ததும் S3-இல் நிற்காமல் S1-க்குப் போய்விடுகிறது. ஐ.சி. போய்விட்டதா?

தர்க்கவாசல்

முதலாவது கோளாறே இல்லை. `Z = Q1·Q0·X`. இதில் X நேரடியாக இருக்கிறது, கிளாக்குக்காக அது காத்திருக்காது. நீங்கள் S3-இல் நிற்கிறீர்கள், X-ஐ 1 ஆக்கிய நொடியே Z = 1. கிளாக் விளிம்பு வந்ததும் நிலை S1 ஆகிவிடும், Z அணைந்துவிடும். மீலி சர்க்யூட்டின் Z-ஐ விளிம்புக்குச் சற்று முன்னால் பார்க்க வேண்டும், பின்னால் இல்லை. S3-இல் நின்றுகொண்டு சுவிட்சை மேலும் கீழும் ஆட்டினால் கிளாக்கே இல்லாமல் எல்.ஈ.டி. மினுக்கும், செய்து பாருங்கள். அந்த Z-ஐ ஒரு கவுன்ட்டரின் கிளாக்காகக் கொடுத்தால் ஆட்டும் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை ஏறும்.

இரண்டாவது உங்கள் பட்டன். அழுத்தும்போது உலோகத் தொடுமுனை சில மில்லிசெகண்டுக்குள் பலமுறை ஒட்டி விலகும். 7474 அதில் ஒவ்வொரு ஏறுமுக விளிம்பையும் தனிக் கிளாக்காக எடுத்துக்கொள்ளும். S2-இல் X = 1 வைத்து ஒருமுறை அழுத்துகிறீர்கள், உள்ளே இரண்டு விளிம்பு போகிறது: S2 → S3 → S1. S1-இல் 1 எத்தனை முறை வந்தாலும் அங்கேயே நிற்கும், அதனால் அந்த நிலையில் பட்டனின் குறை வெளியே தெரியாது. S1-இல் 0 வைத்து அழுத்தும்போதும் இதே கதை நடக்கலாம், S2-வைத் தாண்டி S0-வில் போய் நிற்கும். இருமுனைப் பட்டனும் இரண்டு NAND கேட்டால் ஒரு லாட்ச்சும் போட்டு கிளாக்கைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியே 7474-இன் ப்ரீசெட், கிளியர் கால்களைப் பாருங்கள். இரண்டும் 0-வில் வேலை செய்பவை. எங்கும் இணைக்காமல் தொங்கவிடாதீர்கள். ப்ரீசெட்டை 1-இல் கட்டுங்கள், கிளியரை ரீசெட் பட்டனுக்குக் கொடுங்கள்.

பிரெட்போர்டு_ராஜா

கிளியர் கால் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதையும் சரி செய்கிறேன். எல்.ஈ.டி. கிளாக்குக்குப் பிறகு எரிய வேண்டும் என்றால்? மூர் ஆக மாற்றினால் சரியாகுமா?

தர்க்கவாசல்

ஆகும். 1011 முழுதாக வந்தது என்பதற்கு S4 என்று ஐந்தாவது நிலை, S3-இல் 1 வந்தால் அதற்குப் போகும். S4-இலிருந்து 0 வந்தால் S2, 1 வந்தால் S1. மூன்று பிளிப்-பிளாப். வழக்கம்போல S4-க்கு 100 கொடுத்தால் இப்படி வரும்:

```
D2 = Q1·Q0·X
D1 = Q0·X' + Q1·Q0'·X + Q2·X'
D0 = X·(Q1·Q0)'
Z  = Q2
```

S4-க்கு 101 கொடுத்துப் பாருங்கள்:

```
D2 = Q1·Q0·X
D1 = Q0·X' + Q1·Q0'·X
D0 = X
Z  = Q2
```

D1-ம் D0-வும் பழைய மீலி சர்க்யூட்டில் இருந்ததேதான். D2 என்பது பழைய Z. ஏன் என்றால் S4-இலிருந்து கிளம்பும் அம்புகளும் S1-இலிருந்து கிளம்பும் அம்புகளும் ஒன்றே, அதனால் S1-இன் 01-ஐயே கீழ் இரண்டு பிட்டில் வைத்து மேலே ஒரு 1 சேர்த்தோம். ஆக நீங்கள் கட்டியதைப் பிரிக்கவே வேண்டாம். இப்போதைய Z கம்பியை இன்னொரு D பிளிப்-பிளாப்பில், அதே கிளாக்கில் விட்டு, அதன் Q-இல் எல்.ஈ.டி.யை வையுங்கள். கடைசி 1 உள்ளே போன விளிம்புக்குப் பின் ஒரு முழுக் கிளாக் காலம் எரியும்.

நேர்கோடு

இங்கே மூன்று குறியீடு மிச்சமாகிறதே, 100, 110, 111. மின்சாரம் வந்ததும் அதில் ஒன்றில் விழித்தால்?

தர்க்கவாசல்

D சமன்பாடுகள் எதிலும் Q2 இல்லை, அதனால் அடுத்த விளிம்பில் கீழ் இரண்டு பிட்டுக்கு ஏற்ற இடத்துக்குப் போய்விடும், மாட்டிக்கொள்ளாது. ஆனால் அந்த ஒரு கிளாக்கில் Z பொய்யாக 1. அப்புறம் கீழ் இரண்டு பிட் 11 ஆக விழித்துக்கொண்டு X = 1 வந்தால் இன்னொரு பொய். இரண்டு பிளிப்-பிளாப் மட்டும் இருக்கும் கயலின் சர்க்யூட்டிலும் இந்த இரண்டாவது உண்டு, அங்கே மிச்சக் குறியீடே இல்லாவிட்டாலும். அதனால்தான் ரீசெட் கேட்கிறேன்.

நேர்கோடு

Z-ஐ `Q2·Q1'·Q0` என்று எழுதினால் ஒரு AND கேட் செலவில் முதல் பொய் போய்விடும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

தர்க்கவாசல்

போகும், 101-இலேயே விழித்தால் தவிர. Z மறுபடியும் ஒரு கேட்டின் வழியாக வரும், Q2-ம் Q0-ம் சரியாக ஒரே நொடியில் மாறாவிட்டால் விளிம்பில் ஒரு நுண் துடிப்பு வர இடம் உண்டு. எல்.ஈ.டி.க்கு எது வேண்டுமானாலும் சரி. கவுன்ட்டருக்குக் கொடுப்பதாக இருந்தால் நான் Q2-வையே நேராக எடுப்பேன்.

கயல்_இரண்டாமாண்டு

அடுத்த பிரிவில் இதையே JK-இல் கேட்டிருக்கிறார்கள். சரியான அட்டவணையிலிருந்து செய்தேன். J0 = X, K0 = X', J1 = Q0·X'. K1-க்கு `Q0·X + Q0'·X'` வருகிறது, அதாவது XNOR. என் பழைய தவறான படத்திலிருந்து போட்டால் K1 = Q0 + X' என்று அழகாக வந்தது. அசிங்கமாக வருவதுதான் சரியா?

தர்க்கவாசல்

சரிதான். K1-ஐ Q1 = 1 ஆக இருக்கும் வரிகளில் மட்டும் பார்க்க வேண்டும். S2-இல் 0 வந்தாலும் S3-இல் 1 வந்தாலும் Q1 விழ வேண்டும், மற்ற இரண்டிலும் நிற்க வேண்டும். அதுதான் XNOR. உங்கள் பழைய படத்தில் S3-இல் எது வந்தாலும் Q1 விழுந்தது, அதனால் சுருங்கியது. Q1 = 0 வரிகள் K1-க்கு டோன்ட் கேர். நேர்கோடு முதலில் கேட்ட டோன்ட் கேர் இந்தக் கணக்கில் இங்கேதான் வருகிறது.